பின்தொடர்வோர் 46,000, விற்பனை அதே 420 லிட்டர்

இன்ஸ்டாகிராமில் கடை நடத்தும் சிறுதொழில்காரர்கள் பலரும் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது, கல்லாவில் மட்டும் மாற்றம் இல்லை. காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் ஆள் "இன்னும் பொறுங்க, பிராண்ட் உருவாகுது" என்பார். வீட்டுப் பெரியவர்கள் "போனைப் பார்க்கிறவன் பொருள் வாங்குவானா" என்பார்கள். இரண்டுமே ஊகம். காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்; அதற்கு வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி கடைக்காரரின் செல்பேசியிலேயே கிடக்கிறது.

அதை எப்படித் தேடுவது என்பதை ஒரு மரச்செக்கு எண்ணெய்த் தொழிலை வைத்துப் பார்க்கலாம். காங்கேயம் பக்கத்தில் வாகை மரச்செக்கு ஒன்றை வைத்துக் கடலை, எள், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு பெண்மணி இதில் வருகிறார். அவர் தனியொருவர் அல்லர். இதே சிக்கலில் இருக்கும் பலரின் நிலையை ஒருவர் வாயில் வைத்திருக்கிறேன். கணக்கு விளங்கும்படி எண்களையும் நானே பொருத்தியிருக்கிறேன். ஆய்வுகளைப் பற்றியும் இன்ஸ்டாகிராம் செயல்படும் முறை பற்றியும் வரும் செய்திகள் மட்டும் உள்ளபடியானவை.

"போன வருஷம் ஜூலைல 3,200 பேருங்கண்ணா. இப்ப 46,000. ஆனா மாசம் அதே 420 லிட்டர்தான் போகுது. எங்க தப்பு பண்றன்னு தெரியலீங்க" என்றார்.

"அதே 420ன்னா, எந்த மாசத்தோட எந்த மாசத்தை வச்சுச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. மனத்தில் பதிந்துபோன ஓர் எண்ணைத்தான் சொல்லியிருந்தார். சமையல் எண்ணெய் விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பலகாரத்துக்காக ஏறும், பண்டிகை முடிந்ததும் இறங்கும். ஜனவரியையும் செப்டம்பரையும் ஒப்பிட்டால் காலத்தின் ஏற்ற இறக்கத்தை விளம்பரத்தின் விளைவு என்று எண்ணிவிடுவோம். எனவே சென்ற ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரையையும், இந்த ஆண்டின் அதே மூன்று மாதங்களையும் எடுத்துக்கொண்டோம். தீபாவளி இரண்டிலும் வெளியே நின்றது. சென்ற ஆண்டு மாதச் சராசரி 425 லிட்டர், இந்த ஆண்டு 420. அவர் சொன்னது சரிதான்.

அடுத்து, எளிதில் மறந்துவிடக்கூடிய ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விற்பனை ஏறாததற்குச் சரக்கு இல்லாததே காரணமாக இருக்கலாம். மரச்செக்கு மெதுவாகச் சுற்றும் எந்திரம். ஓர் ஆட்டுக்குப் பதினைந்து கிலோ கடலைப்பருப்பு போட்டால் ஏறத்தாழ ஆறு லிட்டர் எண்ணெய் இறங்கும். பருப்பு கொட்டுவதிலிருந்து பிண்ணாக்கு எடுப்பதுவரை ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளைக்கு ஐந்து ஆட்டு என்றால் 30 லிட்டர், மாதம் 25 நாளில் 750 லிட்டர். அவர் விற்பது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவு. "இருப்பு இல்லைன்னு யாரையாச்சும் திருப்பி அனுப்பினீங்களா?" என்று கேட்டேன். எள்ளெண்ணெய்க்கு மட்டும் ஓரிரு முறை என்றார். செக்கு தடையாக இல்லை.

எதிரெதிராக நகர்ந்த இரண்டு கணக்குகள்

மொத்த லிட்டர் ஒரு கூட்டுத்தொகை. அதற்குள்ளே ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் வெளியே அசைவே தெரியாது. ஆகவே ஆர்டர்களைப் பழைய எண், புதிய எண் என்று பிரித்தோம். அவர் பில் புத்தகத்தில் செல்பேசி எண் எழுதும் பழக்கம் உள்ளவர், அதனால் அரைநாளில் வேலை முடிந்தது. முன்பு ஒருமுறையேனும் வாங்கிய எண் பழையது, முதன்முறை வருவது புதியது.

சென்ற ஆண்டு மாதம் 212 ஆர்டர். அதில் பழையவர்கள் 166, புதியவர்கள் 46. இந்த ஆண்டு 210 ஆர்டர். பழையவர்கள் 149, புதியவர்கள் 61.

தாளைத் திருப்பி அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புதுசா ஆளுங்க வந்திருக்காங்க."

"வந்திருக்காங்க, பதினஞ்சு பேர். பழைய ஆளுங்க பதினேழு ஆர்டர் குறைஞ்சிருக்கு."

"அது எப்படிங்கண்ணா? எண்ணெயில ஒரு மாத்தமும் இல்லியே."

அவர் கொண்டுவந்த கேள்வி இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஃபாலோயர் பதினான்கு மடங்கு பெருகியும் புதியவர்கள் மாதம் பதினைந்து பேர் மட்டுமே கூடியது ஏன் என்பது ஒன்று. பழையவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பது மற்றொன்று. "ஃபாலோயர் ஏறுது, விற்பனை ஏறலை" என்று ஒரே வாக்கியமாகச் சொன்னதால் இரண்டாவது கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தது.

ஊமை வீடியோ எவ்வளவு தூரம் போகும்

முதல் கேள்விக்கு இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியைத் திறந்தோம். ஃபாலோயர் எண்ணிக்கை எந்த நாளில் எவ்வளவு ஏறியது என்பதை அங்கே வரைபடமாகக் காணலாம். வளர்ச்சி சீராக ஏறும் கோடாக இல்லை. இரண்டே இடங்களில் செங்குத்தாக எழும்பி, மற்ற நாட்களில் தரையோடு படுத்திருந்தது.

முதல் எழுச்சிக்குக் காரணம் ஒரு ரீல். செக்கு சுற்றுகிறது, பருப்பு நொறுங்கிக் கூழாகிறது, பொன்னிறத்தில் எண்ணெய் வடிகிறது. பேச்சு கிடையாது, பின்னணியில் மரம் முனகும் ஒலி மட்டும். 18 லட்சம் முறை பார்க்கப்பட்டது. இரண்டாவது எழுச்சி ஒரு இலவசப் போட்டியால் வந்தது: பக்கத்தைப் பின்தொடர்ந்து, மூன்று நண்பர்களை டேக் செய்தால் குலுக்கலில் ஐந்து லிட்டர் எண்ணெய்.

டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. ரீல்ஸின் இயல்பு என்னவென்றால், பின்தொடராதவர்களிடமும் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் இதை வெளிப்படையாகவே விளக்கினார். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்பவையே முக்கியமான மூன்று அளவுகள். அறிமுகம் இல்லாதவர்களிடம் பரவுவதற்கு, அடுத்தவருக்கு அனுப்புவது அதிக எடை பெறுகிறது என்றும் சொன்னார். வாங்கக்கூடியவரா என்பது இந்த மூன்றில் எதிலும் இல்லை.

பேச்சில்லாத வீடியோவுக்கு மொழித்தடை இல்லை. செக்கு சுற்றுவதைத் திருப்பூர்க்காரர் எவ்வளவு லயித்துப் பார்ப்பாரோ அவ்வளவு லயித்து லக்னோக்காரரும் பார்ப்பார். பின்தொடர்வோர் எந்த நகரத்தவர் என்ற பட்டியலைத் திறந்தபோது முதல் ஐந்தில் சென்னையும் கோவையும் இருந்தன. மற்ற மூன்றும் வட இந்திய நகரங்கள்.

"வடக்க இருந்தாலும் ஆளுங்கதானுங்களே, கூரியர் போட்டுட்டாப் போச்சு" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் எண்ணெய் தூரம் போகிற பொருளாக இல்லை. ஒரு லிட்டர் கடலெண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். பாட்டில், அட்டைப்பெட்டி, சிந்தாமல் சுற்றும் உறை எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும்; கூரியர்காரர் அடுத்த எடைப்படிக்குக் கட்டணம் போடுவார். தமிழ்நாட்டுக்குள் 60 ரூபாய் வாங்கும் அவர் வடக்கே அனுப்ப 140 சொல்ல வேண்டியிருக்கிறது. 300 ரூபாய் எண்ணெய்க்கு 140 ரூபாய் அனுப்பும் செலவு என்றால் யாரும் யோசிப்பார்கள். மேலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீட்டுச் சமையலுக்குக் கடுகெண்ணெய்தான் பெரிதும் பழக்கம். குஜராத்தில் கடலெண்ணெய் உண்டு, ஆனால் அங்கேயே செக்குகளும் உண்டு. தேங்காய் எண்ணெயோ 24 பாகைக்குக் கீழே உறைந்துபோகும். டிசம்பரில் டெல்லிக்கு அனுப்பினால் வெள்ளைக் கட்டியாகப் போய்ச் சேர்ந்து "கலப்படமா" என்ற கேள்வியோடு திரும்பி வரும்.

இப்படியெல்லாம் இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊகிக்கலாம். ஊகத்தை உறுதி செய்ய வாட்ஸ்அப்பைத்தான் எண்ண வேண்டும். செப்டம்பர் மாதத்தில் புதிய எண்களிலிருந்து வந்த அத்தனை உரையாடல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த ஊர், எதுவரை பேச்சு போனது என்று ஒரு நோட்டில் கோடு போட்டோம். சலிப்பான வேலை. மொத்த ஆய்விலும் இதைவிடப் பயன்பட்ட வேலை வேறில்லை.

விசாரித்தவர்கள் 390 பேர். சென்ற ஆண்டு செப்டம்பரில் 110 பேர்தான். அவர்கள் ஏறக்குறைய எல்லாருமே தமிழ்நாட்டார். இந்த 390 பேரில் தமிழ்நாட்டு எண்கள் 124, வெளிமாநிலமும் வெளிநாடும் சேர்ந்து 266. தமிழ்நாட்டவர் 124 பேரில் வாங்கியவர் 53. வெளியே இருந்த 266 பேரில் வாங்கியவர் 8. வெளியாரின் உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. விலை கேட்டிருக்கிறார்கள், இவர் சொல்லியிருக்கிறார். அனுப்பும் செலவு கேட்டிருக்கிறார்கள், இவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் பதில் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது தமிழ்நாட்டு விகிதம். சென்ற ஆண்டு 110 பேர் கேட்டு 46 பேர் வாங்கினார்கள், அதாவது நூற்றுக்கு 42. இந்த ஆண்டு 124க்கு 53, நூற்றுக்கு 43. எண்ணெயை அனுப்பக்கூடிய தொலைவில் இருப்பவர் கேட்டால் அன்று எப்படி வாங்கினாரோ இன்றும் அப்படியே வாங்குகிறார். விலையோ, படமோ, பேசும் முறையோ, பணம் கட்டும் வழியோ கெட்டுப்போயிருந்தால் இந்த விகிதம் விழுந்திருக்கும். விழவில்லை. எனவே அவற்றையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். விகிதம் விழுந்திருந்தால் தேடலை விலையிலிருந்தும் பதில்களிலிருந்தும் தொடங்கியிருப்போம். விசாரணையே கூடாமல் இருந்திருந்தால் ரீல்களில் கடை இருப்பதே தெரிகிறதா என்று பார்த்திருப்போம்.

ஆக முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. பின்தொடர்வோர் 43,000 பேர் கூடினார்கள், அவர்களால் தமிழ்நாட்டிலிருந்து மாதம் கேட்பவர் 14 பேர் கூடினார்கள். இன்னொரு எண்ணும் இதையே சொல்கிறது. அவர் போடும் ஸ்டோரிகளைச் சென்ற ஆண்டு சராசரியாக 380 பேர் பார்த்தார்கள், இந்த ஆண்டு 640 பேர். ஸ்டோரியைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே பின்தொடர்கிறவர். பக்கத்தின் உண்மையான வளர்ச்சியை 46,000 காட்டவில்லை, இந்த 640 காட்டுகிறது.

விருப்பம் தெரிவிப்பவர் வாங்குகிறாரா

இங்கே ஆய்வாளர்கள் கண்டதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் "பின்தொடர்கிறவர் அதிகம் வாங்குகிறார்" என்று காட்டும் கணக்குகள் நிறைய உலவுகின்றன. அவை பொய்யல்ல, காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுப் படிக்கப்படுகின்றன. ஏற்கெனவே வாங்கிப் பிடித்துப்போனவர்தான் பக்கத்தைத் தேடிவந்து பின்தொடர்கிறார். அவர் வாங்குவதால் பின்தொடர்கிறார். பின்தொடர்வதால் வாங்குகிறார் என்று நாம் படிக்கிறோம்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் லெஸ்லி ஜானும் டேனியல் மோஷோன் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதனை முறையில் பிரித்துப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் 23 சோதனைகள், 18,000க்கும் மேற்பட்டவர்கள். முடிவுகள் 2017 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்தன. ஒருவரை ஃபேஸ்புக்கில் ஒரு பிராண்டை விரும்பச் செய்வதால் மட்டும் அவர் வாங்கும் பழக்கம் மாறவில்லை, அவருடைய நண்பர்களின் பழக்கமும் மாறவில்லை என்பதே அவர்கள் கண்டது.

அந்தத் தொகுப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது தென்னாப்பிரிக்காவின் டிஸ்கவரி வைட்டாலிட்டி என்ற உடல்நலத் திட்டத்தில் நடந்த சோதனை. உடற்பயிற்சி போன்ற நல்ல பழக்கங்களுக்கு அந்தத் திட்டம் புள்ளிகள் தரும். உறுப்பினர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த சிலரை மட்டும் அதன் ஃபேஸ்புக் பக்கத்தை விரும்பும்படி அழைத்தார்கள். பக்கத்தை அதன் போக்கில் விட்டிருந்த காலத்தில், அழைக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பக்கத்தின் பதிவுகளை அவர்கள் கண்ணில் படும்படி நிறுவனம் பணம் கட்டி விளம்பரமாகக் காட்டியபோது, அவர்கள் சுமார் 8 விழுக்காடு அதிகப் புள்ளிகள் ஈட்டினார்கள். அதாவது பின்தொடர்தல் தானாக வேலை செய்யவில்லை. யாருக்கு விளம்பரம் காட்டலாம் என்ற முகவரிப் பட்டியலாக மட்டும் அது பயன்பட்டது.

அது ஃபேஸ்புக், அது உடற்பயிற்சி. அப்படியே இன்ஸ்டாகிராம் எண்ணெய்க்குப் பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆனால் பின்தொடர்தல் ஒரு முகவரிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டால், அடுத்த கேள்வி தெளிவாக நிற்கிறது: இந்தப் பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு என் பொருள் போய்ச்சேருமா? இலவசப் போட்டியில் வந்தவர்களைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. அவர்கள் ஐந்து லிட்டர் எண்ணெய்க்காக வந்தார்கள், குலுக்கல் முடிந்தது.

பழைய வாடிக்கையாளர் ஏன் போனார்

இரண்டாவது கேள்விக்கு இன்ஸ்டாகிராமில் விடை இருக்காது. பில் புத்தகத்தில் நாற்பது நாளுக்கு ஒருமுறையாவது வாங்கிக்கொண்டிருந்து, கடைசி தொண்ணூறு நாளில் வாங்காதவர்கள் யார் என்று தேடினோம். 38 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 25 பேருக்கு நான் போன் செய்தேன். உரிமையாளரே பேசினால் "எண்ணெய் காறுது" என்றோ "விலை கட்டுப்படியாகலை" என்றோ முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்; அதனால் இந்த வேலைக்கு வெளியாள் வேண்டும்.

ஆறு பேர் போனை எடுக்கவில்லை. பேசிய 19 பேரில் மூவர் விலையைச் சொன்னார்கள். இருவர் வீட்டில் எண்ணெயையே குறைத்துவிட்டார்கள். நான்கு பேர், முன்பெல்லாம் "இன்னைக்கு ஆட்டினது" என்று ஸ்டேட்டஸ் வரும், அதைப் பார்த்துச் சொல்லிவிடுவோம், இப்போது வருவதில்லை, நினைவில்லாமல் போய்விட்டது என்றார்கள். மீதிப் பத்துப் பேரும் சொன்னது ஒரே செய்தி. ஈரோட்டு அம்மா ஒருவர் சொன்ன விதத்தில்:

"மெசேஜ் போட்டேனுங்க, மூணு லிட்டர் வேணும்னு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாக்கவே இல்ல. சட்டில ஊத்த எண்ணெய் வேணுமல்லங்க? கடைல வாங்கிட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

பழைய உரையாடல்களில் பதில் நேரத்தைப் பார்த்தேன். சென்ற ஆண்டு பெரும்பாலான செய்திகளுக்கு அரைமணிக்குள் பதில் போயிருந்தது. இந்த ஆண்டு மாலையில் வந்த செய்திகளுக்கு மறுநாள்தான் பதில். காரணம் தெளிவு. ஒரே செல்பேசி, பதில் எழுத ஒரே ஆள். மாதம் 110 விசாரணை வந்த இடத்தில் 390 வருகிறது. "பிரைஸ் ப்ளீஸ்" என்று கேட்கும் வடநாட்டு எண்கள் வரிசையில் மேலே ஏற ஏற, "மூணு லிட்டர் அனுப்புங்க" என்ற பழைய எண் கீழே போய்விடுகிறது. வாட்ஸ்அப் வந்த நேரத்தைத்தான் வரிசைப்படுத்தும். யார் வாடிக்கையாளர் என்பது அதற்குத் தெரியாது.

ஸ்டேட்டஸ் நின்றதும் இதே கணக்கில்தான் சேரும். விளம்பரம் பார்க்கும் ஆள் வாரம் ஐந்து ரீல் கேட்டதால், செக்கு ஓடும் நேரத்தில் இவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஆட்டினது" என்று போடும் ஒரு நிமிட வேலை விட்டுப்போயிற்று.

"அப்ப ஃபாலோயர் வந்தும் விற்பனை ஏறலைன்னு சொல்லக் கூடாதுங்களா?"

"ஏறலைங்கறது பாதிதான். தப்பான ஃபாலோயர் வந்ததால, வித்துக்கிட்டு இருந்ததுல கொஞ்சம் போயிருக்கு."

அவருக்கு இது பிடிக்கவில்லை. 46,000 என்ற எண்ணைச் சம்பாதிக்க ஓராண்டு உழைத்தவருக்கு எப்படிப் பிடிக்கும்?

நோய் இதுதானா என்று சோதிப்பது

19 பேர் சிறிய எண்ணிக்கை. போனில் சொல்லும் காரணம் உண்மைக் காரணமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கண்டுபிடித்த காரணம் சரியா என்று அறிய, அந்தக் காரணத்தை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். எந்த எண் எவ்வளவு மாறினால் சரி, மாறாவிட்டால் தவறு என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முடிவு தெரிந்தபின் எழுதினால் எந்த முடிவுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தபின் எட்டு வாரம் என்று முடிவு செய்தோம். ஒப்பீடு சென்ற ஆண்டின் அதே எட்டு வாரத்தோடு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் போடும் வசதி இருக்கிறது. பில் புத்தகத்தில் உள்ள எல்லா எண்களுக்கும் "பழையவர்" என்று லேபிள் போட்டு, காலையும் மாலையும் அந்த லேபிளைத் திறந்து முதலில் அவர்களுக்குப் பதில் எழுதுவது. மற்ற எல்லாருக்கும் தானியங்கி வாழ்த்துச் செய்தியிலேயே விலையும், தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் மட்டும்தான் அனுப்புகிறோம் என்ற செய்தியும் போய்விடும். ஆட்டும் நாளில் ஸ்டேட்டஸ் திரும்ப வரும்.

ரீல் வாரத்துக்கு இரண்டுதான். இரண்டிலும் அவர் தமிழில் பேசுவார். முதல் சில நொடிகளுக்குள் ஊரும் விலையும் வந்துவிடும். பார்வைகள் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மனம் உடைந்து, செக்கு முனகும் வீடியோவுக்கே போய்விடுவார்.

யார் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பிரிக்கவும் ஒரு வழி செய்தோம். ரீலின் கீழே எழுதும் இணைப்பை அழுத்த முடியாது. சுயவிவரப் பகுதியிலும் ஸ்டோரியிலும் போடும் இணைப்பை அழுத்தலாம். வாட்ஸ்அப் இணைப்பில், திறந்ததும் தானாக எழுதப்பட்டு நிற்கும் சொல்லை நாமே வைக்கலாம். எனவே ஸ்டோரிக்கு ஒரு சொல், சுயவிவரத்துக்கு ஒரு சொல்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KADALAI
https://wa.me/91XXXXXXXXXX?text=ENNAI
```

இதில் எல்லாம் பிடிபடாது. ரீலைப் பார்த்துவிட்டு நேரே செக்குக்கு வண்டியில் வந்து வாங்குகிறவர், அக்கா சொல்லித் தங்கை வாங்குவது இவையெல்லாம் இணைப்பில் தெரியாது. அதற்குப் பில் போடும்போது "எப்படிங்க தெரிஞ்சுது?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஓரத்தில் ஓர் எழுத்துக் குறிப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

எழுதிவைத்த நிபந்தனை இது. பழையவர்களின் ஆர்டர் மாதம் 160ஐத் தாண்டினால் பதில் தாமதமும் ஸ்டேட்டஸ் நின்றதுமே காரணம். 150க்கு அருகிலேயே நின்றால் நாங்கள் கண்டுபிடித்தது தவறு. விலை சொன்ன மூவரின் பேச்சைத் திரும்ப எடுத்து, சுற்றுவட்டாரத்தில் புதிதாக எத்தனை செக்குகள் முளைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

எட்டு வாரத்தில் பழையவர்களின் மாதச் சராசரி 164க்கு வந்தது. புதியவர்கள் 58. மொத்தம் 222. சென்ற ஆண்டு அதே காலத்தில் 209. பார்வைகள் பத்தில் ஒரு பங்காக விழுந்தன, ஃபாலோயர் எண்ணிக்கை நானூறு குறைந்தது. புதியவர்கள் கூடாததற்கு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. தமிழில் பேசிய ரீல்கள் தமிழ்நாட்டுக்குள்ளும் அதிகம் பரவவில்லை. அதற்குப் பேச்சுத் திறமை காரணமா, எட்டு வாரம் போதாததா என்று இந்தக் கணக்கிலிருந்து சொல்ல இயலாது.

எண்ணெய் மாதாமாதம் தீரும் பொருள் என்பதால்தான் எட்டு வாரத்தில் இவ்வளவாவது தெரிந்தது. பட்டுச்சேலை விற்பவருக்கு இந்தக் கால அளவு பொருந்தாது. இன்று பின்தொடரத் தொடங்கும் பெண் அடுத்த தையில் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கலாம், அவருக்கு ஓராண்டாவது பார்க்க வேண்டும்.

"மீதி இருக்கற நாப்பதாயிரம் பேரை என்னங்க பண்றது?" என்று கடைசியாகக் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். தூரம் போகக்கூடிய, எடை குறைந்த, உடையாத ஒரு பொருள் கைக்கு வரும்வரை அவர்கள் பார்வையாளர்கள். அந்தப் பொருளைத் தேடுவது வேறொரு தொழில். இந்தச் செக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

விளம்பரம் பார்ப்பவருக்கு அவர் மாதம் 12,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். லிட்டருக்கு 60 ரூபாய் மிஞ்சுவதாக வைத்தால் 420 லிட்டருக்கு 25,200 ரூபாய். அதில் கிட்டத்தட்ட பாதி ஃபாலோயர் எண்ணுக்காகப் போயிருக்கிறது. இதுபோல் மாதக்கட்டணம் கட்டுகிறவர்கள், அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் அந்த மாதம் நீங்கள் பொருள் அனுப்பக்கூடிய ஊர்களிலிருந்து புதிதாக எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். விளம்பரக்காரரிடம் அது இருக்காது. உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் எண்ணிவிடலாம்.